சேற்றில் இருந்தவை எவை, நாம் சேர்த்தவை எவை?

மும்பை நகரின் நடுவே ஓடும் மித்தி ஆற்றை நேரில் கண்டவர்கள், அப்பெயருக்கு 'இனியது' என்பது பொருள் என்று அறிந்தால் வியப்படையவே செய்வர். விஹார், பவாய் ஏரிகளின் வழிநீரோடு புறப்பட்டு, சாக்கிநாக்கா, குர்லா ஆகிய தொழிற்பகுதிகளின் கழிவையெல்லாம் ஏற்றுக்கொண்டு, தாராவியின் வடக்கு விளிம்பைத் தொட்டவாறு சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் சிற்றாறு அது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கிய பின்னரே, இப்படி ஓர் ஆறு இருக்கிறதென்பது பலருக்கு நினைவுக்கு வந்தது. அதன் பிறகு அதன் நீரையும் சேற்றையும் ஆராய்ந்தவர் பலர். அண்மைக் காலத்தில் அந்தச் சேற்றிலுள்ள நுண்பிளாஸ்டிக் துகள்களை, அதாவது 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்குகளையும் இழைகளையும், எண்ணிக் கூறும் வழக்கம் பரவி வருகிறது. கல்லூரி மாணவர் செய்முறைகளில்கூட இஃது இடம்பெற்றுவிட்டது.

இவ்வாறு எண்ணியவர்கள் தம் முடிவை, 'ஒரு கிலோகிராம் படிவில் இத்தனை துகள்கள்' என்று ஒரே எண்ணாகத் தருகின்றனர். அவ்வெண் செய்தித்தாளுக்குச் செல்கிறது; அங்கிருந்து அதிகாரியின் மேசைக்குச் செல்கிறது. தாராவியில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி, உருக்கிக் குருணையாக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றில் பிழைப்போர் மீது குற்றம் சாட்டவோ, அவர்களைக் குற்றமற்றவர் எனக் காட்டவோ இத்தகைய எண் பயன்படக்கூடும். ஆகவே அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது, எங்கே கெடுகிறது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். என் கருத்து இதுதான்: சேறு இடாமலே நடத்தப்பட்ட வெற்றுச் சோதனையின் எண்ணிக்கையை அருகில் அச்சிடாத எந்தத் துகள் கணக்கையும் ஏற்றுக்கொள்ளலாகாது. இதனைக் கடுமையான கருத்து என்று சிலர் கூறுவர். அது ஏன் கடுமையானதன்று என்பதைச் சேற்றிலிருந்தே தொடங்கிக் காட்ட முயல்கிறேன்.

முகத்துவாரத்தில் சேறு எடுப்பவர் முதலில் ஓதக் கணக்கைப் பார்க்க வேண்டும். தாராவிக்கும் பாந்திரா–குர்லா வளாகத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றுக்குள்ளும் புகுந்து நிற்கிறது. நீர் வடிந்திருக்கும் நேரத்தில் கரையோரச் சேற்றின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் ஆழம் வரையில், துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியால் எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, அலுமினியத் தாளால் மூடுவது முறை. பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் கயிறு, நெகிழிப்பை ஆகிய மூன்றும் இந்த வேலைக்கு ஆகா. இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தவிர்க்க முடியாமற் போனால், அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்புப் புத்தகத்துடன் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் உருப்பெருக்கியில் அதே நிறத்தில் ஒரு துணுக்கு தென்படுமானால் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குப்பை ஒதுங்கிக் கோடிட்டிருக்கும் இடத்திலேயே மாதிரி எடுக்கத் தோன்றும். அது பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் ஆற்றுப் படிவின் நிலையை அது காட்டாது. அந்தக் கோட்டிலிருந்து நீரை நோக்கி, முன்னரே தீர்மானித்த இடைவெளிகளில் ஐந்து இடங்களையேனும் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குடுவையில் வைப்பதே நன்று. ஐந்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் வேலை குறையும். ஆனால் இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபாடு என்பதை அறியும் வழி போய்விடும். மித்திக்கு மட்டும் உரிய இன்னொரு குறிப்பும் உண்டு. பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் மாநகராட்சி இந்த ஆற்றில் தூர் வாருகிறது. வாரிய பின் மேலே தெரியும் சேறு இவ்வாண்டுச் சேறன்று. பல ஆண்டுகளுக்கு முன் படிந்து கீழே கிடந்தது. மே மாதத்திலும் ஜனவரியிலும் ஒரே இடத்தில் எடுத்த இரு மாதிரிகளை ஒப்பிட்டு, மாசு கூடியது என்றோ குறைந்தது என்றோ கூறுமுன், இடையே இயந்திரம் வந்து போனதா என்று கரையில் உள்ளவர்களிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி 'கிலோகிராம்' என்ற சொல்லைக் கவனிப்போம். எந்தக் கிலோகிராம்? ஈரத்தோடு கூடியதா, உலர்ந்ததா? ஒரு கணக்கைப் பார்க்கலாம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆற்றின் மேற்பகுதியில் மணற்பாங்கான படிவில் 100 கிராம் எடுத்து 27 துகள்களைக் கண்டோம். முகத்துவாரத்தின் களிச்சேற்றிலும் 100 கிராம் எடுத்து அதே 27 துகள்களைக் கண்டோம். ஈர எடையில் கூறினால் இரண்டும் கிலோகிராமுக்கு 270. இரண்டு இடங்களுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் மணலில் நீர் நூற்றுக்கு 20 பங்கு; களிச்சேற்றில் 55 பங்கு. நீரை நீக்கிப் பார்த்தால், முன்னதில் 80 கிராம் படிவுக்கு 27, அதாவது கிலோகிராமுக்கு 338. பின்னதில் 45 கிராமுக்கு 27, அதாவது 600. ஏறக்குறைய இரு மடங்கு! ஓர் அறிக்கை ஈர எடையிலும் மற்றோர் அறிக்கை உலர் எடையிலும் கூறி, இரண்டையும் ஒருவர் அருகருகே வைத்து ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உலர் எடையே பொது வழக்காதல் வேண்டும்.

உலர் எடை என்றவுடன் சேற்றை அடுப்பில் காயவைத்துவிட்டுப் பின் ஆராய வேண்டும் என்று பலர் கருதிவிடுகின்றனர். இதில் ஒரு சங்கடம் உண்டு. மித்தியின் களிச்சேறு காய்ந்தால் செங்கல்லைப் போல் இறுகிவிடும். அதைக் கல்வத்தில் இட்டு இடித்தால், வெயிலில் நைந்து போயிருக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளும் உடன் உடையும். ஒன்று மூன்றாகும். நாம் கணக்கிடுவது எடையையன்று, எண்ணிக்கையை. ஆதலால் உடைத்தவுடன் மாசு மூன்று மடங்காகிவிடுகிறது! இதனால் நான் விரும்பும் முறை வேறு. குடுவைச் சேற்றை நன்கு கலக்கி, ஒரு சிறு பகுதியை மட்டும் தனியே எடுத்து, 105 டிகிரி சென்டிகிரேடில் எடை மாறாத நிலை வரும் வரை உலர்த்தி, அதன் நீர்ப்பங்கை அறிந்துகொள்ள வேண்டும். ஆராய்ச்சிக்கு உரிய பகுதியை ஈரமாகவே வைத்துக்கொண்டு, உலர் எடையைக் கணக்கால் பெறலாம். நூற்றுக்கு 55 பங்கு நீருள்ள சேற்றில் 111 கிராம் எடுத்தால் அதில் 50 கிராம் உலர்ந்த படிவு இருக்கும். உலர்த்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டால் 50 டிகிரிக்கு மேற்போகாமல் மெதுவாக உலர்த்துவதும், இடிக்காமல் நீரில் ஊறவைத்துக் கரைப்பதும் தகும்.

அடுத்துத் துகளைச் சேற்றிலிருந்து பிரிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் கடற்கரைப் படிவில் நுண்ணிய பிளாஸ்டிக் இருப்பதைக் காட்டிய போது, செறிந்த உப்புக் கரைசலையே பயன்படுத்தினர். சாதாரண உப்பு நீரில் முற்றக் கரைந்த நிலையில் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை. பாலிஸ்டைரீனும் நைலானும் நீரைவிடக் கனமானவையாயினும் இக்கரைசலைவிட இலேசானவை. ஆகவே இந்நான்கும் மேலே மிதந்து வரும். மணலும் களியும் கீழே தங்கும். செலவு குறைவு, நஞ்சில்லை, பள்ளியிலும் செய்யலாம். ஆனால் தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் பாலியெஸ்டரின் அடர்த்தி ஏறத்தாழ 1.38. குழாய்கள் செய்யப்படும் பி.வி.சி.யும் அதே அளவினது. இவ்விரண்டும் உப்புக் கரைசலில் மிதவா; சேற்றோடு கீழேயே கிடக்கும். துத்தநாகக் குளோரைடுக் கரைசலை 1.5க்கு மேல் செறிவாக்கினால் அவையும் மிதக்கும். ஆனால் அது தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள். பயன்படுத்தியபின் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. மாணவர் கையில் அதைக் கொடுப்பதைவிட, உப்பைக் கொண்டு செய்துவிட்டு, 'புட்டிப் பிளாஸ்டிக்கும் குழாய்ப் பிளாஸ்டிக்கும் இக்கணக்கில் அடங்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவிடுவது மேல். அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதுதான் குற்றம். புட்டிகளை நொறுக்கும் பட்டறையின் சாக்கடை வாயில் உப்புக் கரைசலால் சோதித்துவிட்டு, 'துணுக்குகள் மிகுதியாக இல்லை' என்று எழுதினால் அது சோதனையே ஆகாது.

உப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. மித்தி ஆறு தொடங்கும் பவாயிலேயே இருக்கும் ஐ.ஐ.டி. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில், இந்தியாவில் விற்கப்படும் கடலுப்பு வகைகள் சிலவற்றை ஆராய்ந்து, ஒரு கிலோகிராம் உப்பில் சராசரியாகச் சுமார் 56 முதல் 103 வரையிலான நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாகத் தெரிவித்தனர். ஒரு லிட்டர் நீரை உப்பால் செறிவாக்க ஏறக்குறைய 360 கிராம் உப்பு வேண்டும். அத்தகைய உப்பை வடிகட்டாமல் கரைத்தால், அந்த ஒரு லிட்டர் கரைசலோடு 20 முதல் 37 வரையிலான துகள்கள் உடன் வந்துவிடும். 50 கிராம் சேற்றிலிருந்து நாம் எதிர்பார்க்கும் துகள்களும் அந்த அளவினவே. சேற்றில் இருந்ததை எண்ணுவதாக நினைத்து உப்பில் இருந்ததை எண்ணிக்கொண்டிருப்போம்! ஆகவே உப்புக் கரைசல், நீர், பின்னர் பயன்படுத்தப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிய எல்லாவற்றையும் முதலில் கண்ணாடியிழை வடிதாளில் வடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். வடித்தாலும் முற்றும் நீங்கிவிட்டது என்று நம்பலாகாது. அதனைச் சோதித்தறிய வேண்டும். வெற்றுச் சோதனையின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

வெற்றுச் சோதனை என்பது யாது? சேற்றை மட்டும் இடாமல், மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்வது. அதே குடுவை, அதே உப்புக் கரைசல், அதே பெராக்சைடு, அதே வடிதாள், அதே காத்திருக்கும் நேரம். இறுதியில் வடிதாளில் தென்படும் துகள்கள் எல்லாம் நம்முடையவை, ஆற்றுடையவை அல்ல. இதனோடு, சேறு எடுக்கும் இடத்தில் ஒரு வெற்றுக் குடுவையைத் திறந்து வைத்து மூடிக் கொண்டுவருவதும், உருப்பெருக்கியில் எண்ணும் நேரம் முழுதும் ஈரமான வடிதாள் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்திருப்பதும் நல்ல வழக்கங்கள்.

செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உடனிருந்து கண்டதைக் கூறுகிறேன். மாணவர் எட்டுப் பேர் முகத்துவாரச் சேற்றை உப்புக் கரைசலில் பிரித்து எண்ணினர். நீல இழைகள் மிகுதியாகத் தென்பட்டன. ஆற்றின் மேற்பகுதியில் துணிச் சாயப் பட்டறை ஏதேனும் இருக்கலாம் என்று விவாதம் நடந்தது. நானும் அதில் ஆர்வத்தோடு கலந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர், வெற்றுச் சோதனை செய்யவில்லையே என்று ஒருவர் கேட்டார். செய்தோம். அதிலும் நீல இழைகள் வந்தன. மாணவர் அணிந்திருந்த சீருடை நீல நிறம். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. மின்விசிறி தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தது. சற்று நிதானித்திருந்தால் வெற்றுச் சோதனைக்கு முன்னரே ஐயுற்றிருக்கலாம். பாலியெஸ்டர் இழையின் அடர்த்தி 1.38, கரைசலின் அடர்த்தி 1.2. அடியில் இறங்க வேண்டிய இழை மேலே எப்படி வந்தது? காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு சில இழைகள் மிதக்கக் கூடும். மெல்லிய இழை மிக மெதுவாகவே இறங்கும் என்பதும் உண்மை. ஆயினும் இத்தனை மிகுதியாக இருந்தால், அவை கரைசலுக்கு அடியிலிருந்து எழுந்தவையல்ல, மேலிருந்து விழுந்தவை என்று எண்ணுவதே முறை.

அன்றுமுதல் நாங்கள் கையாளும் ஏற்பாடு எளியது. விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, மேசையை ஈரப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குகிறோம். மேலங்கி பருத்தித் துணி. அதுவும் சேற்றில் அரிதாகக் காணப்படும் ஆரஞ்சு நிறத்தில் சாயமிட்டது. ஆரஞ்சு இழை தென்பட்டால் அது எங்களுடையது என்று உடனே தெரியும். மும்பைக் கோடையில் விசிறியின்றி இருப்பது எளிதன்று; எனவே காலை வேளையில் வேலையை முடித்துக்கொள்கிறோம்.

வெற்றுச் சோதனையிலும் ஏமாற்றிக்கொள்ள வழியுண்டு. கூடத்தைக் கழுவித் துடைத்த மறுநாள், ஆள் நடமாட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் செய்து, 'துகள் ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொள்வது அவ்வழி. சோதனை மாதிரிகளோடு ஒன்றாக, நடுநடுவே, அதே ஆட்கள் கையால், எது வெற்று என்று எண்ணுபவருக்குத் தெரியாதவாறு குறியிட்டு நடத்தினால்தான் அது உண்மை கூறும். பத்துச் சேற்று மாதிரிகளுக்கு ஐந்து வெற்றுச் சோதனைகள் என்பது என் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு உழைப்பு ஒன்றுமில்லாத குடுவைகளுக்குப் போகிறதே என்று முணுமுணுப்பவர்களுக்கு, அடுத்துவரும் கணக்கையே விடையாகத் தருகிறேன். இதுவும் விளக்கத்திற்காகவே.

உலர் எடையில் 50 கிராமுக்குச் சமமான சேற்றில் 14 துணுக்குகளும் 10 இழைகளும் கண்டோம் எனக் கொள்வோம். மொத்தம் 24, இருபதால் பெருக்கினால் கிலோகிராமுக்கு 480 துகள்கள். பெரும்பாலான அறிக்கைகள் இங்கேயே நின்றுவிடும். இனி வெற்றுச் சோதனைகளைப் பார்ப்போம். ஐந்திலும் வந்த இழைகள் முறையே 6, 9, 5, 8, 7, சராசரி 7. துணுக்குகள் 0, 1, 0, 0, 0, சராசரி 0.2. சராசரியைக் கழித்துவிட்டால் போதும், இழைகள் 3, கிலோகிராமுக்கு 60 என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். அதுவும் தவறு. சேறே இல்லாத ஒரு குடுவையில் 9 இழைகள் வந்திருக்கும் போது, சேற்றுக் குடுவையில் வந்த 10 இழைகளில் மூன்றேனும் சேற்றினுடையவை என்று எதைக்கொண்டு துணிவது? வெற்றுச் சோதனைகள் தம்முள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதைத் திட்ட விலக்கம் என்ற அளவு காட்டும். இங்கு அது 1.58. சராசரியோடு அதன் மும்மடங்கைக் கூட்டினால் 11.7. இதற்கு மேல் வந்தால்தான் சேற்றில் இழை உண்டு என்று கூறலாம் என்பது வேதியியலில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நமக்கு வந்தவை 10. ஆகவே இழைகள் 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்'. எல்லையைக் கிலோகிராமில் கூறினால், வெற்றுச் சராசரியைக் கழித்தபின் 4.7 இழைகள், அதாவது கிலோகிராமுக்கு 95. அதற்குக் குறைவு என்பதற்கு மேல் எதுவும் கூற முடியாது.

துணுக்குகளின் நிலை வேறு. அவற்றுக்கு எல்லை 1.5 மட்டுமே, வந்தவை 14. ஐயத்திற்கு இடமில்லை. 0.2ஐக் கழித்து 13.8, கிலோகிராமுக்கு 276. இப்போது 480 என்ற எண் எங்கே போயிற்று? 276 துணுக்குகள் உண்டு. இழைகளைப் பற்றிக் கூற இயலாது என்றாகிவிட்டது. இது வெறும் எண் குறைவு அன்று. இழைகள் துணி துவைத்த நீரிலிருந்து வருபவை என்றும், கோணலான துணுக்குகள் உடைந்த அல்லது நொறுக்கப்பட்ட பொருள்களிலிருந்து வருபவை என்றும் பொதுவாகக் கொள்வர். 24இல் 10 இழைகள் என்று எழுதியிருந்தால், குற்றத்தில் பெரும்பங்கு வீட்டுக் கழிவுநீருக்கும் போயிருக்கும். உண்மையில் நம் கையிலுள்ள சான்று துணுக்குகளைப் பற்றியது மட்டுமே. வெற்றுச் சோதனை சிலரைக் காப்பாற்றும். சிலரைச் சுட்டிக் காட்டவும் செய்யும்.

ஆனால் 276 என்ற எண்ணும் தோற்றத்தில் காட்டும் உறுதியைக் கொண்டதன்று. நாம் கண்டவை 14 துணுக்குகள்தாம். அதே குடுவையிலிருந்து இன்னொரு 50 கிராம் எடுத்தால் 11 வரலாம், 18 வரலாம். இத்தகைய எண்ணிக்கைகளில் தற்செயலான ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்க மூலம் ஆகும். 14க்கு அது 3.7, கிலோகிராமில் 75. எனவே 276க்கு இருபுறமும் 75 என்று கூற வேண்டும். பட்டறைச் சாக்கடைக்குக் கீழே எடுத்த மாதிரியில் 18 வந்து, கிலோகிராமுக்கு 356 ஆனால், 'நூற்றுக்கு 29 பங்கு கூடுதல்' என்று எழுதக் கை துடிக்கும். நான்கு துணுக்குகளை வைத்துக்கொண்டு அவ்வாறு எழுதுதல் தகாது. வேறுபாடு உண்டா இல்லையா என்று அறிய விரும்பினால் மாதிரியைப் பெரிதாக்க வேண்டும். 50 கிராமுக்குப் பதிலாக 200 கிராம் எடுத்தால் இந்த ஐயம் பாதியாகும். கிலோகிராமுக்கு என்று கூறும் யாரும் ஒரு கிலோகிராமை ஆராய்வதில்லை என்பதை வாசகர் மறக்கலாகாது. ஆதலின் எண்ணிய எண்ணிக்கையையும் ஆராய்ந்த எடையையும் தனியே அச்சிட வேண்டும்.

எதிர்ப்புறமாக நிகழும் பிழையும் உண்டு. சேற்றில் இருந்தும் நம் கைக்கு வராமற் போனவை எத்தனை? இதனை அறிய, சூளையில் சுட்டு ஆற்றிய மணலில் சிவப்பு நிறப் பாலிஎத்திலீன் துணுக்குகள் 20ஐ எண்ணிப் போட்டு, முழுமுறையையும் நடத்தி, எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்க்க வேண்டும். 17 வந்தால் மீட்பு நூற்றுக்கு 85. இங்கே ஒரு நுட்பம்: 2 மில்லிமீட்டர்த் துணுக்குகளைப் போட்டு 85 பெற்றவர், 0.3 மில்லிமீட்டர்த் துணுக்குகளும் அவ்வாறே மீளும் என்று கருதக் கூடாது. சிறியவை களியோடு ஒட்டிக்கொண்டு கீழிறங்கிவிடும். கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும். எண்ணப் போகும் அளவிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். தாராவிச் சேற்றில் எண்ணெயும் சாக்கடை மலப்பொருளும் மிகுதி. மணலில் கிடைத்த மீட்பு அதில் கிடைக்காது. ஆகவே ஒருமுறையேனும் அச்சேற்றிலேயே போட்டுப் பார்ப்பது நலம். அதிலுள்ள கரிமப் பொருளைக் கரைக்க நூற்றுக்கு 30 பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும் போது நுரை பொங்கிக் குடுவையை விட்டு வழியும். வழிந்த நுரையோடு மிதந்த துகள்களும் போய்விடும். சிறிது சிறிதாக ஊற்றி, பனிக்கட்டி நீரில் குடுவையை நிறுத்தி, 50 டிகிரிக்கு மேல் சூடேறாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் உடன் நில்லாமல் மாணவரை இதில் விடலாகாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கடைசியாக, எந்த அளவு வரை எண்ணுவது என்ற கேள்வி. துகள் சிறிதாகச் சிறிதாக எண்ணிக்கை பெருகும், எனவே 0.1 மில்லிமீட்டர் வரை எண்ணியவரின் கணக்கும் 1 மில்லிமீட்டர் வரை எண்ணியவரின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தா. கண்ணால் பார்த்து, சூடான ஊசியால் தொட்டு உருகுகிறதா என்று சோதித்து எண்ணுபவர்கள், அரை மில்லிமீட்டருக்குக் கீழே செல்லாதிருப்பதே நேர்மை என்பது என் எண்ணம். அதற்குக் கீழே மணிக்கல்லும் சிப்பித் தூளும் தாவர நாரும் பிளாஸ்டிக்கைப் போலவே தோன்றும். கீழே செல்ல விரும்புவோர் எண்ணியவற்றுள் ஒரு பங்கையேனும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் வைத்து, இது இன்ன பிளாஸ்டிக் என்று உறுதிசெய்ய வேண்டும். மாட்டுங்காவில் இரசாயனத் தொழில்நுட்பக் கழகமும் பவாயில் ஐ.ஐ.டி.யும் உள்ள நகரத்தில் அக்கருவி காணக் கிடைக்காத பொருளன்று. அது கிட்டாத சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர், 1 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான துணுக்குகளை மட்டும், இழைகளை விட்டுவிட்டு, எண்ணலாம். அவருடைய கணக்கு சிறிதாயினும் பிறர் கணக்கோடு ஒப்பிடத் தகுந்ததாகவும், மறு ஆண்டு அவராலேயே சரிபார்க்கத் தக்கதாகவும் இருக்கும்.

ஆகவே மேலே கண்ட கணக்கை நான் அச்சிடுவதானால் இப்படித்தான் அச்சிடுவேன்: 'ஓதம் வடிந்த நேரத்தில் எடுத்த மேற்சேறு, 5 சென்டிமீட்டர் ஆழம், ஆராய்ந்தது உலர் எடையில் 50 கிராம், அளவு 0.5 முதல் 5 மில்லிமீட்டர்; உப்புக் கரைசல் 1.2, ஆகவே புட்டிப் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யும் நீங்கலாக, எண்ணிய துணுக்குகள் 14, வெற்றுச் சோதனை ஐந்தில் சராசரி 0.2, உலர் எடையில் கிலோகிராமுக்கு 276, ஏறத்தாழ 75 கூடவோ குறையவோ, எண்ணிய இழைகள் 10, வெற்றுச் சோதனைச் சராசரி 7, கண்டறியும் எல்லைக்குக் கீழ், மீட்பு நூற்றுக்கு 85.' செய்தித்தாளுக்கு இது நீளம்தான். எண்ணிய வடிதாள்களை மூடிய கண்ணாடித் தட்டில் இட்டு, மிச்சச் சேற்றைக் குடுவையிலேயே குளிரில் வைத்து, குறைந்தது ஓராண்டு காப்பாற்றி வைத்தால், ஐயமுற்ற எவரும் வந்து மறுபடி எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.